எந்தப் பாகம், எந்தப் பழுது, நீங்கள் செய்தது என்ன?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர், கோவை வட்டாரங்களில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகளின் குவாலிட்டி பிரிவில் வேலை பார்க்கும் இளம் பொறியாளர்களுக்கும், டிப்ளமோ முடித்துவிட்டு இந்தப் பிரிவுக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும்,



எச்.ஆர். பிரிவு வடிகட்டி அனுப்பும் புரொஃபைல்களைப் படித்து, யாரை நேரில் அழைக்கலாம் என்று சொல்வது என் வேலையில் ஒரு பகுதி. அப்படி வரும் புரொஃபைல்களில் பெரும்பாலானவற்றின் தலைப்பு வரி ஒரே மாதிரி இருக்கிறது. குவாலிட்டி இன்ஜினியர், பிறகு ஒரு செங்குத்துக் கோடு. ஐ.ஏ.டி.எஃப். 16949, கோடு. ஏ.பி.க்யூ.பி., கோடு. பி.பி.ஏ.பி., கோடு. எஃப்.எம்.இ.ஏ., எம்.எஸ்.ஏ., எஸ்.பி.சி., செவன் க்யூ.சி. டூல்ஸ், எய்ட் டி, கைசன், ஃபைவ் எஸ், போகா யோக்கே, லீன், சிக்ஸ் சிக்மா. கீழே போனால் "என்னைப் பற்றி" பகுதியிலும் இதே சொற்கள் வாக்கியமாகக் கோக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே ஒவ்வொரு நிறுவனத்தில் பார்த்த வேலையிலும் இதே சொற்கள் மறுபடியும்.

இதையெல்லாம் படித்து முடித்த பிறகும், இவர் கியர் செய்கிறாரா, ரப்பர் சீல் செய்கிறாரா, வயரிங் ஹார்னஸ் செய்கிறாரா என்பது எனக்குத் தெரிவதில்லை. மெஷின் ஷாப்பில் நிற்கிறாரா, இன்கமிங் இன்ஸ்பெக்‌ஷனில் உட்கார்ந்திருக்கிறாரா, கஸ்டமர் கம்ப்ளெயின்ட் பார்க்கிறாரா என்பதும் தெரிவதில்லை. வேலை தெரிந்த ஒருவர் உள்ளே இருக்கிறார் என்று தோன்றும். ஆனால் அழைப்பதற்கு ஒரு காரணம் கையில் கிடைக்காது. நல்ல ஆட்கள் இப்படி நழுவிப் போவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. அதனால்தான் இந்த மடல்.

நீங்கள் ஏன் இப்படி எழுதுகிறீர்கள் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. முதலில் படிப்பது மனிதரல்ல, கம்ப்யூட்டர். அது சொற்களை எண்ணும். எவ்வளவு சொல் இருக்கிறதோ அவ்வளவு மேலே வருவோம் என்று உங்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு ரெஸ்யூமே எழுதித் தருபவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதிதான் உங்களைக் கெடுக்கிறது. எனவே தேடல் நடக்கும் விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்கு கிரைண்டிங் லைனுக்கு ஒரு ஆள் வேண்டும் என்று வையுங்கள். அளவிடும் கருவிகளை ஆராயத் தெரிந்திருக்க வேண்டும். எச்.ஆரில் இருப்பவர் தேடல் பெட்டியில் தட்டுவது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

```
("quality engineer" OR "quality assurance engineer")
AND (MSA OR "measurement system analysis")
AND grinding
```

இந்தத் தேடல் கேட்பது ஒன்றுதான்: சொல் இருக்கிறதா, இல்லையா? எம்.எஸ்.ஏ. என்று ஒரு முறை எழுதியவரும் பட்டியலில் வருவார். ஒன்பது முறை எழுதியவரும் வருவார். கடைசியில் இருக்கும் கிரைண்டிங் என்ற சொல்லைக் கவனியுங்கள். மேலே சொன்ன நீண்ட தலைப்பு வரியில் அது இல்லை. ஐந்து கோர் டூல்களையும் அடுக்கியவர், தான் தினமும் நிற்கும் இயந்திரத்தின் பெயரை எழுத மறந்திருக்கிறார். அந்த ஒரு சொல் இல்லாததால் இந்தத் தேடலில் அவர் வரவே மாட்டார்.

சரி, பட்டியலில் வந்தவர்களில் யார் மேலே, யார் கீழே? லிங்க்ட்இன், நௌக்ரி போன்றவை தங்கள் வரிசைக் கணக்கை முழுதாக வெளியே சொல்வதில்லை. ஆனால் உரைத் தேடலுக்குப் பல இடங்களில் அடித்தளமாக இருக்கும் ஒரு சூத்திரம் ஊரறிந்தது. அதன் பெயர் பி.எம்.25. லூசீன், எலாஸ்டிக்சர்ச் ஆகிய தேடல் மென்பொருள்களில் இயல்பாக அமைந்திருப்பது அதுதான். ஒரு சொல் ஒரு முறை வந்தால் அதற்கு 1 மதிப்பெண் என்று கொள்வோம். சராசரி நீளமுள்ள ஆவணத்தில் அதே சொல் இரண்டு முறை வந்தால் ஏறக்குறைய 1.4. ஐந்து முறை வந்தால் 1.8க்குச் சற்றுக் குறைவு. பத்து முறை வந்தால் 2க்குக் கொஞ்சம் குறைவு. நூறு முறை எழுதினாலும் வழக்கமான அமைப்பில் 2.2ஐத் தாண்டாது. ஆவணம் சராசரியைவிட நீண்டுகொண்டே போனால் மதிப்பெண் குறையவும் செய்யும். ஆக, நீங்கள் திரும்பத் திரும்ப எழுதும் மூன்றாவது, நான்காவது முறைக்குக் கிடைப்பது மிகச் சொற்பம்.

இதே சூத்திரத்தில் இன்னொரு பகுதி இருக்கிறது. உங்களுக்கு அதுதான் முக்கியம். ஒரு சொல் எத்தனை ஆவணங்களில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் எடை மாற வேண்டும் என்று 1972இல் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் எழுதினார். எல்லோரிடமும் இருக்கும் சொல்லுக்கு எடை குறைவு; சிலரிடம் மட்டும் இருக்கும் சொல்லுக்கு எடை அதிகம். குவாலிட்டி பிரிவு புரொஃபைல்களில் ஃபைவ் எஸ், கைசன் இரண்டும் இல்லாதவர் அரிது. அந்தச் சொற்கள் உங்களை யாரிடமிருந்தும் பிரித்துக் காட்டாது. சென்டர்லெஸ் கிரைண்டிங், ஏர் கேஜ், இண்டக்‌ஷன் ஹார்டனிங், கேஸ் டெப்த், லீக் டெஸ்ட், போரோசிட்டி போன்ற சொற்கள்தான் பிரித்துக் காட்டும். இவையெல்லாம் நீங்கள் தினமும் ஷாப் ஃப்ளோரில் பேசுபவை. புரொஃபைல் எழுத உட்கார்ந்ததும் இவற்றை விட்டுவிட்டுப் பயிற்சி வகுப்பின் அட்டையில் இருக்கும் சொற்களை எடுத்துக்கொள்கிறீர்கள்.

இன்னும் ஒன்று. கீவேர்டுகளை அளவுக்கு மீறித் திணித்தால் ஸ்பாம் என்று கருதி வடிகட்டப்பட்டு, தேடலில் பின்னுக்குப் போக நேரிடலாம் என்று லிங்க்ட்இன் தன் உதவிப் பக்கத்திலேயே எச்சரித்திருக்கிறது. ரெஸ்யூமேயின் அடியில் வெள்ளை எழுத்தில் கீவேர்டுகளை ஒளித்து வைக்கும் தந்திரத்தையும் விட்டுவிடுங்கள். நிறுவனங்கள் பயன்படுத்தும் மென்பொருள் கோப்பிலிருந்து எழுத்தை மட்டும் உருவி எடுக்கும். நிறம் அங்கே கிடையாது. நீங்கள் ஒளித்து வைத்தது எச்.ஆர். திரையில் கறுப்பு எழுத்தாகத் தெரியும். அதைப் பார்த்தவர் அந்த ரெஸ்யூமேயை எனக்கு அனுப்பமாட்டார்.

இனி என் மேசையில் நடப்பதைச் சொல்கிறேன். என்னிடம் வரும்போது தேடல் முடிந்துவிட்டிருக்கும். சொல் இருக்கிறதா என்ற கேள்வி இனி இல்லை. அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு வேலை நடந்திருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன். நம் துறைச் சொற்களில் ஒவ்வொன்றுக்கும் பல படிகள் இருக்கின்றன. சொல்லை மட்டும் எழுதினால் நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று தெரியாது.

சி.எம்.எம். தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். பாகத்தை ஃபிக்ஸ்சரில் வைத்து, ஏற்கெனவே எழுதிய புரோகிராமை ஓட்டி, அறிக்கையை எடுத்துக் கொடுப்பதும் சி.எம்.எம். வேலைதான். டிராயிங்கைப் படித்து, டேட்டம் எவை என்று பார்த்து, அலைன்மென்ட் எடுத்துப் புதிதாகப் புரோகிராம் எழுதுவதும் சி.எம்.எம். வேலைதான். அறிக்கையில் பொசிஷன் தவறாக வரும்போது பிழை பாகத்தில் இருக்கிறதா, பிடித்த விதத்தில் இருக்கிறதா என்று கண்டுபிடிப்பதும் அதுவேதான். மூன்றுக்கும் சம்பளம் வேறு, பொறுப்பு வேறு. முதல் படியில் இருப்பதில் எந்தக் குறைவும் இல்லை. எனக்கு அந்த ஆளும் தேவைப்படுவார். எது என்று எழுதினால்தான் உங்களைச் சரியான இடத்துக்கு அழைக்க முடியும்.

பி.பி.ஏ.பி.யும் அப்படித்தான். அந்தக் கோப்பில் 18 உறுப்புகள் இருக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியும். ஒருவரே பதினெட்டையும் செய்வது அபூர்வம். நீங்கள் டைமென்ஷன் ரிப்போர்ட்டும் கன்ட்ரோல் பிளானும் தயாரித்திருந்தால் அந்த இரண்டின் பெயரை எழுதுங்கள். "பி.பி.ஏ.பி. நிபுணர்" என்று எழுதியவரைவிட, "லெவல் 3 சமர்ப்பிப்புக்கு டைமென்ஷன் ரிப்போர்ட்டும் கன்ட்ரோல் பிளானும் தயாரித்தேன்" என்று எழுதியவரை நான் முதலில் அழைப்பேன். அவர் அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தவர் என்பது அந்த வரியிலேயே தெரிகிறது.

எஃப்.எம்.இ.ஏ. என்று போட்டிருந்தால் நான் வழக்கமாகக் கேட்பது எளிய கேள்வி. முன்பு சிவியாரிட்டி, அக்கரன்ஸ், டிடெக்‌ஷன் மூன்றையும் பெருக்கி ஆர்.பி.என். கணக்கிட்டோம். 2019இல் ஏ.ஐ.ஏ.ஜி.யும் வி.டி.ஏ.வும் சேர்ந்து வெளியிட்ட கையேடு அதை விட்டுவிட்டு ஆக்‌ஷன் பிரையாரிட்டி என்ற முறைக்கு மாறியது. உங்கள் லைனில் இப்போது எது நடக்கிறது என்று கேட்பேன். பழைய முறையே நடக்கிறது என்றாலும் பரவாயில்லை, அப்படி இருக்கும் தொழிற்சாலைகள் உண்டு. எந்த முறை என்பதே தெரியாமல் விழித்தால், அந்தச் சொல் உங்கள் புரொஃபைலில் இருந்திருக்கக் கூடாது. அதைவிட மோசம், அதன் பிறகு மற்ற சொற்களையும் நான் நம்பமாட்டேன். பொய்யாக எழுதிய ஒரு சொல், உண்மையாகத் தெரிந்த ஐந்து சொற்களையும் சந்தேகத்துக்கு ஆளாக்கிவிடுகிறது. திணிப்பதால் வரும் நஷ்டத்தில் பெரியது இதுதான்.

இப்போது ஒருவரை எடுத்துக்கொண்டு முழுதாகச் செய்து பார்ப்போம். நம் துறையில் எங்கும் காணக்கூடிய ஒருவரைக் கற்பனையாக வைத்துக்கொள்ளலாம். மெக்கானிக்கல் படித்தவர், மூன்று ஆண்டு அனுபவம், ஸ்டீயரிங் பாகங்கள் செய்யும் ஆலை. தலைப்பு வரி மேலே நான் சொன்ன மாதிரியே. "என்னைப் பற்றி" பகுதி இப்படித் தொடங்குகிறது: "லீன், சிக்ஸ் சிக்மா, கைசன், எம்.எஸ்.ஏ., எஸ்.பி.சி. ஆகியவற்றில் நிரூபிக்கப்பட்ட அனுபவம் கொண்ட, விளைவுகளை நோக்கி உழைக்கும், குழுவோடு இணைந்து செயல்படும் குவாலிட்டி வல்லுநர்."

அவரிடம் உட்கார்ந்து, போன வருடம் எந்தப் பிரச்சினைக்காக நிறைய அலைந்தீர்கள் என்று கேட்டால் கதை வேறு மாதிரி வரும். ஒரு ஷாஃப்ட், கிரைண்டிங் முடிந்ததும் வெளி விட்டம் 16 மில்லிமீட்டர், மொத்த டாலரன்ஸ் 20 மைக்ரான். பகல் ஷிஃப்ட்டில் நல்லதென்று போன துண்டை இரவு ஷிஃப்ட் ரிஜெக்ட் செய்கிறது. கிரைண்டிங் மெஷினைத்தான் எல்லோரும் குறை சொன்னார்கள். வீலை டிரஸ் செய்தார்கள், கூலன்ட் மாற்றினார்கள், ஒன்றும் மாறவில்லை. இவர் ரிஜெக்ட் ஆன துண்டுகளை எடுத்து மறுபடி அளந்து பார்த்தபோது அவற்றில் கணிசமானவை அளவுக்குள் இருந்தன. சந்தேகம் அளவிடும் முறை மேல் திரும்பியது.

10 துண்டுகள், 3 ஆபரேட்டர்கள், ஒவ்வொருவரும் 3 தடவை. துண்டின் எண் ஆபரேட்டருக்குத் தெரியாமல், வரிசையைக் கலைத்துக் கொடுத்து அளக்கச் சொன்னார். கேஜ் ஆர் அண்ட் ஆர் 34 சதவீதம் வந்தது. 10க்குக் கீழே இருந்தால் ஏற்கலாம், 10 முதல் 30 வரை பயன்பாட்டைப் பொறுத்து ஏற்கலாம், 30க்கு மேல் போனால் ஏற்கக் கூடாது என்பது நம் எல்லோருக்கும் தெரிந்த வரம்பு. பிரித்துப் பார்த்தால், ஒரே ஆள் திரும்ப அளக்கும்போது வரும் வேறுபாடு குறைவு. ஆளுக்கு ஆள் வரும் வேறுபாடுதான் அதிகம். நேரில் நின்று பார்த்தார். டிஜிட்டல் மைக்ரோமீட்டரை ஒருவர் ராட்செட்டைத் திருகி மூடுகிறார். இன்னொருவர் திம்பிளையே பிடித்து இறுக்குகிறார். ஒருவர் துண்டு சூடாக இருக்கும்போதே அளக்கிறார். இன்னொருவர் ஆற விடுகிறார். 20 மைக்ரான் டாலரன்ஸில் இந்த வித்தியாசங்கள் ஒரு துண்டின் தலைவிதியைத் தீர்மானிக்கப் போதும். ஏர் கேஜுக்கு மாற்றினார்கள், அளப்பதற்கு முன் துண்டு ஆறுவதற்கு நேரம் வைத்தார்கள், கன்ட்ரோல் பிளானில் அதை எழுதினார்கள். மறுபடி செய்த ஆய்வில் 12 சதவீதம் வந்தது. நல்ல துண்டைத் தவறாக ரிஜெக்ட் செய்வது ஏறக்குறைய நின்றது.

இதில் எத்தனை கீவேர்டுகள் வந்துவிட்டன பாருங்கள். எம்.எஸ்.ஏ. இருக்கிறது. கிரைண்டிங், ஏர் கேஜ், கன்ட்ரோல் பிளான் இருக்கின்றன. ரிஜெக்‌ஷன் குறைப்பு இருக்கிறது. திணிக்க வேண்டிய தேவை எதுவும் இல்லை. வேலையைச் சொன்னால் வேலையின் சொற்கள் தாமாக வந்து உட்காரும்.

இவர் தன் தலைப்பு வரியை எப்படி மாற்றுவார்? லிங்க்ட்இன் கொடுக்கும் இடம் 220 எழுத்து. அத்தனையும் நிரப்ப வேண்டும் என்பதில்லை; தேடல் பட்டியலில் பெரும்பாலும் முன்பகுதிதான் கண்ணில் படும். ஆங்கிலத்தில் எழுதுவார், அதன் பொருள் இப்படி இருக்கும்: "குவாலிட்டி இன்ஜினியர், ஸ்டீயரிங் பாகங்கள். கிரைண்டிங், சி.என்.சி. டர்னிங் லைன். அளவீட்டு முறை ஆய்வு, இன்-புராசஸ் ரிஜெக்‌ஷன் குறைப்பு." முதலில் பதவி, பிறகு பாகம், பிறகு நிற்கும் இடம், பிறகு அதிகம் செய்த வேலை. மற்ற பன்னிரண்டு சொற்கள் இங்கே வேண்டாம்.

"என்னைப் பற்றி" பகுதியில் 2,600 எழுத்து வரை இடமுண்டு. ஆனால் திறந்ததும் தெரிவது முதல் சில வரிகள் மட்டுமே. மீதியைப் பார்க்க அழுத்த வேண்டும். எனவே ஷாஃப்ட் கதையின் சாரம் அந்த முதல் வரிகளிலேயே இருக்கட்டும்: "கிரைண்டிங் செய்த ஷாஃப்ட்டுகளில் ஷிஃப்ட்டுக்கு ஷிஃப்ட் ரிஜெக்‌ஷன் மாறிக்கொண்டிருந்தது. எம்.எஸ்.ஏ. ஆய்வு செய்து, காரணம் மெஷினில் இல்லை, மைக்ரோமீட்டரைக் கையாளும் விதத்தில் இருக்கிறது என்று கண்டறிந்தேன். ஏர் கேஜுக்கு மாறிய பிறகு கேஜ் ஆர் அண்ட் ஆர் 34 சதவீதத்திலிருந்து 12 ஆனது." இதைப் படிக்கும் குவாலிட்டி மேலாளர் யாராக இருந்தாலும், பேசிப் பார்க்கலாம் என்று தோன்றும். கேட்பதற்கு அவரிடம் உடனே நாலு கேள்வி இருக்கும். அந்த நாலுக்கும் உங்களிடம் பதில் இருக்கும், ஏனென்றால் நீங்கள் அங்கே நின்றிருக்கிறீர்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். கஸ்டமரின் பெயர், பாக எண், டிராயிங் எண், கம்ப்ளெயின்ட் எண்ணிக்கை ஆகியவற்றை எழுதாதீர்கள். நீங்கள் கையெழுத்திட்ட ரகசியக் காப்பு ஒப்பந்தம் அவற்றைத் தடுக்கும். "இந்தியக் கார் நிறுவனம் ஒன்றுக்கான ஸ்டீயரிங் ஷாஃப்ட்" என்ற அளவில் நிறுத்துங்கள். ரிஜெக்‌ஷன் எண்ணிக்கையை வெளியே சொல்ல முடியாது என்றால், பாதியாகக் குறைந்தது என்று சொல்லலாம், அது உண்மையாக இருந்தால். கம்பெனி ரகசியத்தைக் கொட்டி எழுதிய புரொஃபைலைப் பார்த்தால், நாளை எங்கள் ரகசியத்தையும் இப்படித்தான் எழுதுவார் என்று தோன்றும்.

கீவேர்டே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வேண்டிய இடத்தில் வேண்டிய சொல் இல்லாமல் போனால் தேடலில் வரவே மாட்டீர்கள் என்பதை மேலேயே பார்த்தோம். இதில் இரண்டு விஷயம் கவனியுங்கள். முதலாவது, சுருக்கமும் விரிவும். ஒருவர் எம்.எஸ்.ஏ. என்று தேடுவார், இன்னொருவர் முழுப் பெயரைத் தட்டுவார். ஒரே ஒரு இடத்தில் முழுப் பெயரையும், வேறொரு இடத்தில் சுருக்கத்தையும் எழுதிவிட்டால் இருவர் கண்ணிலும் படுவீர்கள். அதற்கு மேல் தேவையில்லை. இரண்டாவது, பதவிப் பெயர். உங்கள் கம்பெனியில் உங்களை "சீனியர் எக்ஸிக்யூட்டிவ், கிரேடு 2" என்று வைத்திருப்பார்கள். அதை யாரும் தேடமாட்டார்கள். பணி வரலாற்றில் கம்பெனி கொடுத்த பெயரை அப்படியே எழுதுங்கள், அதை மாற்றினால் பொய்யாகும். தலைப்பு வரியில் சந்தையில் வழங்கும் பெயரான குவாலிட்டி இன்ஜினியர் என்பதைப் போடுங்கள்.

மற்ற சொற்களுக்குத்தான் ஸ்கில்ஸ் பகுதி இருக்கிறது. அது பட்டியலுக்கென்றே அமைந்த இடம். அங்கே பட்டியலாக எழுதினால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. ஆனாலும் அங்கே வைக்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சோதனை வையுங்கள்: இதைப் பற்றி அடுத்தடுத்து இரண்டு கேள்வி கேட்டால் எனக்குப் பதில் சொல்ல வருமா? எஸ்.பி.சி. என்றால், எந்த டைமென்ஷனுக்கு சார்ட் போட்டீர்கள், எத்தனை துண்டு, எவ்வளவு நேரத்துக்கு ஒரு முறை என்பது முதல் கேள்வி. புள்ளி வரம்புக்கு வெளியே போனபோது யார் என்ன செய்தார்கள் என்பது இரண்டாவது. முதலுக்கு மட்டும் பதில் இருந்தால், "எஸ்.பி.சி. சார்ட் பராமரிப்பு" என்று எழுதுங்கள். இரண்டுக்கும் இருந்தால் எஸ்.பி.சி. என்றே எழுதுங்கள். இரண்டுக்கும் இல்லையென்றால் எடுத்துவிடுங்கள். சிக்ஸ் சிக்மா பெல்ட் சான்றிதழும் அப்படியே. புராஜெக்ட் செய்து வாங்கியதென்றால் புராஜெக்டைச் சொல்லுங்கள். தேர்வு மட்டும் எழுதி வாங்கியதென்றால் சான்றிதழ்கள் பகுதியில் வைத்துவிட்டு நகருங்கள். தலைப்பு வரிக்குக் கொண்டுவராதீர்கள்.

கடின உழைப்பாளி, குழுவோடு இயைபவர், புதுமை விரும்பி போன்ற அடைமொழிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எல்லோரும் எழுதித் தேய்ந்துபோன சொற்கள் எவை என்று 2010இலிருந்து சில ஆண்டுகள் லிங்க்ட்இன்னே பட்டியல் போட்டு வெளியிட்டது. அவற்றை நீக்குவதால் நீங்கள் எதையும் இழக்கமாட்டீர்கள்.

வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாதவர்களுக்கும் அப்ரென்டிஸாக இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களில்தான் திணிப்பு அதிகம் இருக்கிறது. எழுத ஒன்றும் இல்லையே என்ற பயம்தான் காரணம் என்று நினைக்கிறேன். எழுத நிறைய இருக்கிறது. நீங்கள் கையில் பிடித்த கருவிகளை எழுதுங்கள்: வெர்னியர், ஹைட் கேஜ், போர் டயல் கேஜ், புரொஃபைல் புரொஜெக்டர், சர்ஃபேஸ் ரஃப்னஸ் டெஸ்டர். ஒரு ஷிஃப்ட்டில் எத்தனை பாகங்களுக்கு முதல் துண்டு ஒப்புதல் கொடுத்தீர்கள் என்று எழுதுங்கள். நீங்கள் பார்த்துப் பிடித்த ஒரே ஒரு பழுதை எழுதுங்கள்: கீவே ஓரத்தில் பர், த்ரெட்டில் கோ கேஜ் நுழையாதது, ஹார்ட்னஸ் குறைந்த ஒரு லாட். அதை எப்படிக் கண்டீர்கள், யாரிடம் சொன்னீர்கள், அந்த லாட் என்ன ஆனது என்று மூன்று வரி. சேர்ந்து எட்டு மாதமான ஒருவரிடம் நான் எதிர்பார்ப்பது அவ்வளவுதான். ஐ.ஏ.டி.எஃப். 16949 நிபுணர் என்று அவர் எழுதினால் நான் நம்பப்போவதில்லை. ஆனால் பர் இருந்த லாட்டை டிஸ்பேட்சுக்கு முன் நிறுத்தினேன் என்று எழுதினால், அவர் கண் வேலை செய்கிறது என்பதை நம்புவேன்.

ஆடிட்டைப் பற்றியும் இதையே சொல்வேன். "ஐ.ஏ.டி.எஃப். ஆடிட்டில் பங்கேற்றேன்" என்ற வரி பலரிடம் இருக்கிறது. ஆடிட்டர் வந்த அன்று லைனில் இருந்ததும் பங்கேற்பு, கேஜ் காலிபிரேஷன் பதிவேட்டை எடுத்துக் காட்டியதும் பங்கேற்பு, இன்டர்னல் ஆடிட்டராக வேறொரு துறையைத் தணிக்கை செய்ததும் பங்கேற்பு. எது என்பதை எழுதப் பத்துச் சொல்கூடத் தேவைப்படாது.

புரொஃபைலைத் திருத்திய பிறகு எனக்கு அனுப்ப வேண்டாம், வேறொரு துறையில் இருக்கும் நண்பருக்கு அனுப்புங்கள். மெயின்டனன்ஸிலோ ஸ்டோர்ஸிலோ இருப்பவர் போதும். தலைப்பு வரியையும் முதல் மூன்று வரிகளையும் மட்டும் காட்டி, "நான் என்ன செய்கிறேன் என்று சொல்" என்று கேளுங்கள். அவர் பாகத்தின் பெயரையும் நீங்கள் தீர்த்த பிரச்சினையையும் சொன்னால் அப்படியே விடுங்கள். "குவாலிட்டில இருக்க" என்று மட்டும் சொன்னால் திரும்ப உட்கார்ந்து எழுதுங்கள்.

நேரில் வரும்போது நான் கேட்கப்போகும் முதல் கேள்வியை இப்போதே சொல்லிவிடுகிறேன், தயாராக வாருங்கள்: கடந்த ஆறு மாதத்தில் உங்கள் லைனில் திரும்பத் திரும்ப வந்த பழுது எது, அதற்கு நீங்கள் என்ன செய்தீர்கள்? அதற்கான பதில் உங்கள் புரொஃபைலில் ஏற்கெனவே இருந்தால், நாம் இரண்டாவது கேள்வியிலிருந்தே பேச ஆரம்பிக்கலாம்.

அன்புடன்,
உங்கள் துறையில் மூத்த ஒருவர்